பதினோராவது நிபந்தனை

அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்னப் பட்டறைகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆர்டர் மெயிலில் வந்தால் முதல் பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுப்பார்கள். என்ன சாமான், எத்தனை, என்ன ரேட், என்றைக்கு வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒரு பக்கத்திலேயே இருக்கும். அதை ஒரு கிளிப்பில் மாட்டி மெஷினுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டால் வேலை தொடங்கியாயிற்று என்று பொருள். அதற்குப் பின்னால் நாலு பக்கத்துக்குப் பொடி எழுத்தில் நிபந்தனைகள் இருக்கும். பேப்பர் வீண், மை வீண் என்று அதை யாரும் அச்சடிப்பதில்லை. அச்சடிக்காததை யாரும் படிப்பதும் இல்லை.

ஆரோன் பிரிசிஷன் என்ற பட்டறையில் மட்டும் ஐந்து பக்கமும் வெளியே வரும். அதற்குக் காரணம் சொர்ணம்.

சொர்ணத்துக்கு நாற்பத்திரண்டு வயது. செய்யாறு பக்கத்து ஊரிலிருந்து கல்யாணமாகித் திருநின்றவூருக்கு வந்தவள். புருஷன் சம்பந்தம் அடுக்குமாடிகளில் எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கிறார். பதினாறு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பட்டறையில் பிசிறு தேய்க்கும் மேஜையில்தான் சொர்ணம் சேர்ந்தாள். மெஷினிலிருந்து வரும் இரும்புச் சாமானின் ஓரத்தை அரத்தால் தேய்த்து, எண்ணெய் தடவி, அட்டைப் பெட்டியில் அடுக்க வேண்டும். மத்தியானம் சாப்பிட்ட பிறகு கிடைக்கும் கால்மணி நேரத்தில் மற்றவர்கள் படுப்பார்கள். இவள் பெட்டிமேல் ஒட்டியிருக்கும் சீட்டிலிருந்து தொடங்கி, கையில் கிடைக்கும் இங்கிலீஷ் காகிதம் எல்லாவற்றையும் எழுத்துக்கூட்டிப் படிப்பாள். பிறகு அஞ்சல்வழியில் பி.காம். சேர்ந்தாள். இரண்டு பேப்பரில் தவறி, திரும்ப எழுதி, முப்பத்தாறு வயதில் முடித்தாள். அவள் வீட்டிலும் சரி, சம்பந்தம் வீட்டிலும் சரி, பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். முதலாளி மேக்ஸ்வெல் அன்றைக்கே மேஜையை மாற்றினார். “இனிமே ஆர்டரெல்லாம் நீ பாரு, சொர்ணம். எனக்கு இரும்பு புரியும், காகிதம் புரியாது” என்றார்.

அதற்கு ஆறு வருஷம் கழித்துப் பட்டறைக்கு நேரம் சரியில்லாமல் போனது. ஒரு பெரிய கம்பெனி இவர்களுக்குக் கொடுத்துவந்த வேலையைச் சொந்தமாகவே செய்யத் தொடங்கிவிட்டது. மூன்று மாதமாக இரண்டாவது ஷிப்ட் ஓடவில்லை. நாலு பேரை வீட்டில் இருக்கச் சொல்லியிருந்தார் மேக்ஸ்வெல். “வேல வந்ததும் கூப்பிடறேன்” என்று அவர் சொன்னதை அவர்கள் நம்பினார்கள். ஒருவன் மட்டும் வாரம் ஒருமுறை போன் செய்து “சார், வேற எடத்துல சேந்துடவா?” என்று கேட்பான். மேக்ஸ்வெல் பதில் சொல்லத் தெரியாமல் போனைச் சொர்ணத்திடம் கொடுத்துவிடுவார்.

அந்த நிலைமையில்தான் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வருணிகா பம்ப்ஸ் கம்பெனியிலிருந்து ஆர்டர் வந்தது. பூந்தமல்லியைத் தாண்டி அவர்களுடைய பிளான்ட். தண்ணீர் பம்புக்கான பேரிங் ஹவுசிங், மாதம் எண்ணூறு, ஒரு வருஷத்துக்கு. காஸ்டிங், அதாவது அச்சில் வார்த்த இரும்பு, அவர்களே தருவார்கள். கடைந்து, துளை போட்டு, அளவுக்குக் கொண்டுவந்து திருப்பிக் கொடுக்க வேண்டும். கூலி மட்டும்தான் பட்டறைக்கு. ஆனால் மாதம் எண்ணூறு என்றால் இரண்டாவது ஷிப்ட் ஓடியே ஆக வேண்டும். நாலு பேரையும் கூப்பிட்டுவிடலாம்.

மேக்ஸ்வெல் மெயிலைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடி ஒரு நிமிஷம் ஜெபம் செய்தார். மத்தியானமே ஒரு குட்டி யானை வண்டி வந்து அறுபது காஸ்டிங்கை இறக்கிவிட்டுப் போனது. அவர்களுக்கு அவ்வளவு அவசரம்.

சொர்ணம் ஐந்து பக்கத்தையும் பிரிண்ட் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். அம்பத்தூரில் ஆறு மணி வண்டியைப் பிடித்தால் திருநின்றவூர் போய்ச் சேருவதற்குள் ஒரு ஆர்டர் படித்து முடித்துவிடலாம். உட்கார இடம் கிடைக்காது. அதனால் கதவோரக் கம்பியில் ஒரு கையைக் கோத்துக்கொண்டு, மற்றக் கையில் பென்சிலும் காகிதமுமாக நின்றபடிதான் படிப்பாள். தினமும் கூட வரும் பெண்கள் “பரீட்சையா?” என்று கேட்டுக் கேட்டு இப்போது கேட்பதை விட்டுவிட்டார்கள்.

திருமுல்லைவாயிலில் மூன்றாவது நிபந்தனைக்கு ஒரு கோடு போட்டாள். ஆர்டரை ஏற்றுப் பதில் அனுப்புவதோ, வேலையைத் தொடங்குவதோ, இரண்டில் எது முந்துகிறதோ அதுவே எல்லா நிபந்தனைகளுக்கும் சம்மதம். மூன்று வேலை நாளுக்குள் பதில் வராவிட்டால் ஆர்டர் ரத்து.

ஆவடி வருவதற்குள் ஏழாவதைத் தாண்டினாள். கம்பெனி இலவசமாகத் தரும் பொருளின் தரத்துக்குக் கம்பெனியே பொறுப்பு. நல்லது என்று அவளுக்குத் தோன்றியது.

பட்டாபிராமில் பதினொன்று. மெஷின் வேலைக்குப் பிறகு நிராகரிக்கப்படும் ஒவ்வொரு பீஸுக்கும், காஸ்டிங்கின் முழு விலையும் சப்ளையரிடம் பிடித்துக்கொள்ளப்படும்.

சொர்ணம் பென்சிலை எடுக்கவில்லை. திரும்ப ஏழுக்குப் போனாள். திரும்பப் பதினொன்றுக்கு வந்தாள். யாருடைய தப்பால் நிராகரிப்பு என்று பதினொன்று சொல்லவில்லை. இரும்பை உருக்கி அச்சில் ஊற்றும்போது உள்ளே காற்று மாட்டிக்கொண்டால் அங்கே ஓட்டை விழும். ப்ளோஹோல் என்பார்கள். மேலே தோல் மூடியிருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. மெஷினில் போட்டுக் கடையக் கடையத்தான் வாயைத் திறக்கும். ஏழின்படி அது கம்பெனியின் தலையில். பதினொன்றின்படி பட்டறையின் தலையில். எது மேல், எது கீழ் என்று ஐந்து பக்கத்திலும் ஒரு வரி கிடையாது. ஒரு காஸ்டிங்கின் விலை இவர்கள் வாங்கும் கூலியைப் போல ஏழு மடங்கு. நூற்றுக்கு நாலு ஓட்டை விழுந்தால் போதும், நாலு பேரைக் கூப்பிட்டு வேலை கொடுத்துவிட்டுக் கூலியில் கால்பங்குக்கு மேல் அதற்கே கொடுக்க வேண்டியதுதான்.

நெமிலிச்சேரி வந்ததே அவளுக்குத் தெரியவில்லை. இறங்க வேண்டிய திருநின்றவூரில் பக்கத்துப் பெண் தோளைத் தட்டி இறக்கிவிட்டாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பட்டறைக்குள் நுழையும்போதே, யாரும் காஸ்டிங்கைத் தொடக் கூடாது என்று சொல்வதற்கு வாயைத் திறந்துகொண்டுதான் வந்தாள். வாசலிலேயே உதயகுமார் நின்றுகொண்டிருந்தான். சிஎன்சி லேத் ஓட்டுகிறவன், ஆவடிக்காரன். எப்போதும் ஏதாவது நக்கலோடு நிற்பவன் அன்றைக்குக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

“இன்னாக்கா, ஒரு விஷயம். கோச்சிக்கக் கூடாது.”

“என்ன பண்ணின?”

“ஏழு மணிக்கு வந்தேன். புரோகிராம் கரெக்டா கீதான்னு பாக்கலாமேன்னு ஒரு பீஸ் மாட்டினேன். சார் சந்தோஷப்படுவாருன்னு.”

“ஒண்ணே ஒண்ணா?”

“ஒண்ணுதான்க்கா. சத்தியமா. ஃபினிஷ் கட்ல...” அவன் துணியை விலக்கிக் காட்டினான். பேரிங் உட்காரும் வட்டத்தின் உள்பக்கம், கண்ணாடி மாதிரி மின்னும் இடத்தில், பச்சைப் பட்டாணி அளவுக்கு ஒரு ஓட்டை.

சொர்ணம் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று ரயிலில் பயந்தது இன்றைக்குக் கையில் கனத்தோடு இருந்தது. அதோடு மூன்றாவது நிபந்தனை வேறு. வேலையைத் தொடங்கினால் சம்மதம்.

உதயகுமார் குரலைத் தாழ்த்தினான். “இரும்புப் பசை கீது. ரெண்டு சொட்டு வச்சித் தேச்சா எவனுக்கும் தெரியாது. எங்க பழைய கடையில அப்பிடித்தான் தள்ளுவோம்.”

“ஓடுற பம்புல அது பிச்சுக்கிட்டு வந்தா?”

“வரும்தான்” என்றான் அவன், தலையைச் சொறிந்துகொண்டு.

“பசையை உள்ள வை. இதைத் தொடைச்சு எங்கிட்டக் குடு. மத்த அம்பத்தொம்பதையும் யாரும் தொடாதீங்க.”

மேக்ஸ்வெலிடம் இரண்டையும் கொண்டுபோய் வைத்தாள். ஒரு பக்கம் காஸ்டிங், ஒரு பக்கம் கோடு போட்ட காகிதம். ஏழையும் பதினொன்றையும் தமிழில் சொன்னாள். மேக்ஸ்வெல் காகிதத்தைப் பார்க்கவே இல்லை, ஓட்டையைத்தான் விரலால் தடவினார்.

“கேக்கணும்ங்கற.”

“ஆமாங்க சார். ஒத்துக்கறதுக்கு முன்னாடி.”

“கேட்டா, ஆர்டர் வாங்கறவனுக்கு ஏம்மா இவ்ளோ கேள்வின்னு கோவில்பதாகையில இன்னொரு கடைக்குத் தள்ளி விட்டுடுவாங்க. அவன் நம்மள விடக் கம்மியா கோட் பண்ணிருக்கான், எனக்குத் தெரியும். அவன் முதல் பக்கத்த மட்டும்தான் பாப்பான்.”

“கேக்காம ஒத்துக்கிட்டா நாலு பேரக் கூப்பிட்டு மறுபடி அனுப்ப வேண்டி வரும் சார். அந்தத் தடவ நீங்க போனை என் கையில குடுக்காதீங்க. என்னால சொல்ல முடியாது.”

மேக்ஸ்வெல் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். இருபது வருஷம் ஒரு பெரிய தொழிற்சாலையில் மெஷின் ஓட்டிவிட்டு, பி.எஃப். பணத்தைப் போட்டு இந்தப் பட்டறையைத் தொடங்கியவர் அவர். கடைசியில் “நீ எழுது” என்றார். “நீ எழுதறதுல நான் கைய வைக்க மாட்டேன். போனா போட்டும், நான் ஒன்ன ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

கடைசியாகச் சொன்னதைச் சொர்ணம் ரொம்ப நாளைக்கு மறக்கவில்லை. வேலை நிற்கிற காலத்தில் ஒரு முதலாளி சம்பளத்துக்கு இருப்பவளிடம் அதைச் சொல்வது சுலபமில்லை.

மெயிலை எழுத ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஆர்டருக்கு நன்றி, ஏற்க ஆவலாக இருக்கிறோம் என்று தொடங்கினாள். ஏழும் பதினொன்றும் ஒன்றுக்கொன்று எப்படி முட்டுகின்றன என்று நாலு வரி. பிறகு கேள்விகள். காஸ்டிங்கின் குறையால் நிராகரித்தால் பதினொன்று பொருந்துமா? குறை யாருடையது என்பதை யார், எங்கே, எப்படி முடிவு செய்வது? ஓட்டை தெரியும்வரை செய்த வேலைக்குக் கூலி உண்டா? இதற்குப் பதில் வந்ததும் அன்றே ஏற்புக் கடிதம் அனுப்புகிறோம் என்று முடித்தாள்.

மூன்று மணிக்கு வருணிகாவின் பர்ச்சேஸ் பிரிவிலிருந்து போன். கிருஷ்ணப்பிரியா என்று பெயர். குரலில் வயது முப்பதுக்குள் இருக்கும்.

“மேடம், உங்க மெயில் பாத்தேன். அது ஸ்டாண்டர்ட் கண்டிஷன். எல்லா வெண்டருக்கும் அதேதான். யாருமே இதுவரைக்கும் கேட்டதில்ல.”

“நாங்க கேக்கறதத் தப்பா எடுத்துக்காதீங்க மேடம்.”

“இல்ல இல்ல. ஆனா ப்ளோஹோலுக்கெல்லாம் நாங்க டெபிட் பண்ண மாட்டோம். நான் சொல்றேன்ல. நீங்க தைரியமா அக்செப்ட் பண்ணுங்க.”

சொர்ணம் தொண்டையைச் செருமிக்கொண்டாள். “நீங்க பண்ண மாட்டீங்க மேடம், எனக்கு நம்பிக்கை இருக்கு. நாளைக்கு உங்களுக்கு பிரமோஷன் வரும், வேற எடத்துக்குப் போவீங்க. அந்த சீட்டுக்கு வர்றவங்க பேப்பர்ல இருக்கறதத்தான பாப்பாங்க? உங்க பதினாலாவது கண்டிஷன்லயே, மாத்தி எழுதின ஆர்டர் இல்லாம வாயால சொன்னது எதுவும் செல்லாதுன்னு போட்டிருக்கு.”

 அந்தப் பக்கம் காகிதம் புரளும் ஓசை கேட்டது.

“ஆமா, போட்டிருக்கு” என்றாள் கிருஷ்ணப்பிரியா, தானே முதல்தடவை பார்ப்பவள் மாதிரி. பிறகு சிரித்தாள். “பிரமோஷன் வரும்னு வேற சொல்லிட்டீங்க. நாளைக்கு நேர்ல வர முடியுமா? குவாலிட்டி ஆளையும் உக்கார வச்சிப் பேசலாம். வெள்ளிக்கிழமதான் உங்க லாஸ்ட் டேட்.”

வியாழக்கிழமை காலை உதயகுமாரின் பைக்கில் போனார்கள். காஸ்டிங்கை அரிசிப் பையில் சுற்றிச் சொர்ணம் மடியில் வைத்துக்கொண்டாள். ஒன்பது கிலோ. குமணன்சாவடி சிக்னலில் வெயிலில் நின்றபோது உதயகுமார் திரும்பிக் கேட்டான்.

“அக்கா, நான் மாட்டினத சொல்லிருவியா?”

“சொல்லித்தான் ஆகணும். பீஸக் கையில வச்சிக்கிட்டு எங்கேர்ந்து வந்ததுன்னு சொல்றது?”

“என்னாலதான் ஆர்டர் போச்சின்னா அந்த நாலு பேரு என்ன சும்மா உடுவானுங்களா. ஒருத்தன் எங்க தெருவுதான்.”

“நீ சொல்லாம ஸ்கிராப்ல போட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. சொன்னியே. அதுக்கே ஒனக்கு நான் டீ வாங்கித் தரணும்.”

“பிரியாணி வாங்கிக்குடு. டீலாம் மேஸ்திரிக்கு” என்றான் அவன். பச்சை விழுந்தது.

பிளான்ட் வாசலில் செக்யூரிட்டி அரிசிப் பையைப் பிரித்துப் பார்த்து, எங்கள் சாமான் உங்களிடம் எப்படி என்று கேட்டார். சொர்ணம் டெலிவரி சலான் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். ஒரு காஸ்டிங், ஆய்வுக்காகத் திருப்பிக் கொண்டுவருவது, பழைய சலான் எண் இன்னது. அவர் நோட்டில் எழுதிக்கொண்டு உள்ளே விட்டார். உதயகுமார் வெளியே மரத்தடியில் நின்றுகொண்டான்.

சின்ன மீட்டிங் அறை. கிருஷ்ணப்பிரியா சொர்ணம் நினைத்ததைவிட இன்னும் சின்னப் பெண். பக்கத்தில் குவாலிட்டி அதிகாரி அரவிந்தன். நாற்பது வயதுக்காரர், சட்டைப் பையில் டார்ச். கேட்கும் முன்பே முகம் இறுக்கமாகத்தான் இருந்தது.

“எங்க ஃபவுண்டரி மெட்டீரியல் அப்பிடி வராது. டூல் உடைஞ்சி குத்திருக்கும்” என்றார்.

சொர்ணம் வாதாடவில்லை. பையைப் பிரித்து மேஜையில் வைத்தாள். “பாருங்க சார்.”

அவர் டார்ச்சை அடித்துக் குனிந்தார். ஒரு குச்சியை உள்ளே விட்டுப் பார்த்தார். டூல் குத்தியிருந்தால் ஓரம் கிழிந்து கூராக இருக்கும், கீறல் இழுத்துக்கொண்டு போகும். இதன் உள்சுவர் வழுவழுவென்று உருண்டையாக இருந்தது, குமிழி உடைந்த இடம் மாதிரி. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“காத்து மாட்டி விழுந்ததுதான்” என்றார். “சரி. இது காஸ்டிங். ஒத்துக்கறேன். ஆனா நான் ஒண்ணு கேக்கறேன்மா, கோச்சுக்காதீங்க. அந்தக் கண்டிஷன ஏன் அப்பிடிப் போட்டோம் தெரியுமா? போன வருஷம் ஒரு வெண்டர், அவன் அளவு தப்பினதெல்லாம் காஸ்டிங் டிஃபெக்ட்னு சொல்லித் தள்ளினான். இன்னொருத்தன் ஓட்டைய பசைபோட்டு அடைச்சே அனுப்பிட்டான். ஒங்கள நான் எப்பிடி நம்பறது?”

கேள்வி நியாயமானது என்று சொர்ணத்துக்குத் தோன்றியது. முந்தின நாள் காலையில் உதயகுமார் தாழ்ந்த குரலில் சொன்னது காதிலேயே இருந்தது.

“நம்ப வேணாம் சார். பாத்தாப் போதும்” என்றாள். “ஓட்ட தெரிஞ்ச நிமிஷமே மெஷின நிறுத்திடறோம். அதுக்கு மேல ஒரு கட் போட மாட்டோம். காஸ்டிங்ல இருக்கற உங்க ஃபவுண்டரி நம்பரோட டேக் கட்டித் தனியா வச்சி, போட்டோ அனுப்பறோம். ரெண்டு நாளைக்குள்ள நீங்களோ உங்க ஆளோ வந்து பாத்துக் கையெழுத்துப் போடுங்க. காஸ்டிங் தப்புன்னா உங்களுது. எங்க அளவு தப்புன்னா முழு விலையும் எங்ககிட்டப் பிடிங்க. அந்த வரில நான் ஒரு எழுத்துகூட மாத்தச் சொல்லல.”

அரவிந்தன் கிருஷ்ணப்பிரியாவைப் பார்த்தார்.

“இன்னொண்ணும் நான் சொல்லிடணும்” என்றாள் சொர்ணம். மேஜைக்குக் கீழே கையைக் கையால் பிடித்துக்கொண்டாள். “இந்தப் பீஸ நாங்க ஆர்டர ஒத்துக்கறதுக்கு முன்னாடியே மெஷின்ல போட்டுட்டோம். எங்க ஆளு ஆர்வத்துல போட்டுட்டாரு. மூணாவது கண்டிஷன்படி பாத்தா நாங்க எல்லாத்துக்கும் ஒத்துக்கிட்டதா நீங்க சொல்லலாம்.”

  சொர்ணம் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்தாள். கிருஷ்ணப்பிரியா நினைத்தால் அந்த இடத்திலேயே முடித்திருக்கலாம். வேலை தொடங்கியாயிற்று, இனிக் கேள்விக்கு இடமில்லை என்று ஒரு வாக்கியம் போதும்.

“அத நீங்களே வந்து சொல்றீங்க” என்றாள் கிருஷ்ணப்பிரியா. “அது ட்ரையல் மேடம். ஒரு பீஸ் புரோகிராம் செக் பண்றது எல்லாரும் பண்றதுதான். ட்ரையல் பீஸ், ஆர்டர் அளவில் சேராதுன்னு அமெண்ட்மெண்ட்ல எழுதிடறேன்.”

சொர்ணம் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தாள்.

கூலி விஷயத்தில்தான் இழுத்தது. ஓட்டை தெரியும்வரை செய்த வேலைக்கு முழுக்கூலி தர மேலே ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார் அரவிந்தன். கிருஷ்ணப்பிரியாவும் கையை விரித்தாள். சொர்ணம் வெளியே போய் மேக்ஸ்வெலுக்குப் போன் போட்டாள்.

“முழுசா கேட்டு ஒடச்சிக்காத. பாதி கேளு” என்றார் அவர். “கரண்டுக்காவது வரட்டும்.”

பாதிக்கு ஒத்துக்கொண்டார்கள். எல்லாவற்றையும் கிருஷ்ணப்பிரியா தன் நோட்டில் எழுதி, சொர்ணத்திடம் திருப்பிக் காட்டி, சரியா என்று கேட்டாள். எழுந்திருக்கும்போது சொன்னாள்: “போன வருஷம் இந்த ஒரு கண்டிஷனால மூணு வெண்டர் என் மேல சத்தம் போட்டு நின்னுட்டாங்க. நடுவுல நான்தான் மாட்டிக்கிட்டேன். வேலைக்கு முன்னாடியே வந்து யாரும் கேக்கல. ஹெட் கையெழுத்து வாங்கணும், நாளைக்கு எப்படியாவது அனுப்பிடறேன்.”

வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை மெயில் வரவில்லை. மேக்ஸ்வெல் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் வந்து கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுப் போனார். ஐம்பத்தொன்பது காஸ்டிங்கும் மூலையில் சாக்கு மூடிக் கிடந்தன. உதயகுமார் வேலையில்லாமல் லேத்தைத் துடைத்துத் துடைத்துப் புதுசாக்கிவிட்டான்.

மூன்றரைக்கு வந்தது. ஆர்டர் அதே எண், பக்கத்தில் திருத்தம் ஒன்று என்று போட்டிருந்தது.

“வந்துச்சா? அப்ப போட்டுடலாமாக்கா?” உதயகுமார் சாக்கை விலக்கிக்கொண்டே கேட்டான்.

“இரு.”

“அதான் மாத்திட்டாங்களே. இன்னாத்துக்கு இரு?”

“மாத்தினதச் சரியா மாத்திருக்காங்களான்னு பாக்க வேணாமா?”

“இவ்ளோ படிச்சிருந்தா நான் கலெக்டர் ஆயிருப்பேன்” என்று முணுமுணுத்தான். மேக்ஸ்வெல் சிரித்துவிட்டார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அதுதான் முதல்தடவை.

சொர்ணம் முதல் வரியிலிருந்து தொடங்கினாள். விலை மாறவில்லை. தேதி மாறவில்லை, அது முக்கியம். ஒன்றை மாற்றும்போது இன்னொன்று ஓசையில்லாமல் மாறியிருக்கலாம். ஏழு அப்படியே இருந்தது. ட்ரையல் பீஸ் ஆர்டர் அளவில் சேராது என்ற வரியும் இருந்தது. பதினொன்று இப்போது மூன்று பத்தியாக விரிந்திருந்தது. சப்ளையரின் வேலைக் குறையால் நிராகரிக்கப்பட்டால் மட்டும் முழு விலை. காஸ்டிங் குறை என்றால் கம்பெனி கணக்கு, செய்த வேலைக்குப் பாதிக் கூலி. குறை யாருடையது என்பதை இரு தரப்பும் சப்ளையரின் இடத்தில் சேர்ந்து பார்த்து முடிவு செய்வது. தகவல் கிடைத்து இரண்டு வேலை நாளுக்குள் கம்பெனி வந்து பார்க்காவிட்டால் சப்ளையரின் அறிக்கையே இறுதி. கடைசி வரியை அவள் கேட்கவே இல்லை. யாரோ அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து இவர்களுக்காக யோசித்து எழுதியிருக்கிறார்கள்.

அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். கண் கலங்கியதைப் பக்கத்தில் இருந்தவர்கள் பார்க்காதபடி கம்ப்யூட்டர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நாலேகாலுக்கு ஏற்புக் கடிதம் போயிற்று. இன்ன எண் ஆர்டரை, திருத்தம் ஒன்றின்படி ஏற்கிறோம். ‘திருத்தம் ஒன்று’ என்ற சொல்லை எழுதாமல் விட்டால் எதை ஏற்றோம் என்று நாளைக்குத் திரும்பவும் குழப்பம் வரும், அதனால் அதைத் தலைப்பிலும் போட்டாள், உள்ளேயும் போட்டாள். கடைசியில், அலுவலகக் கடிதத்தில் வழக்கமில்லாத ஒரு வரியும் சேர்த்தாள். எங்கள் கேள்வியைப் பொறுமையாகக் கேட்டதற்கு எங்கள் பட்டறையில் எல்லோர் சார்பிலும் நன்றி. மேக்ஸ்வெல் பின்னால் நின்று அதைப் படித்துவிட்டு, “என் பேரையும் போடு” என்றார். போட்டாள்.

ஐந்து நிமிஷத்தில் கிருஷ்ணப்பிரியாவிடமிருந்து பதில் வந்தது. இரண்டே வரி. பெற்றுக்கொண்டோம். அடுத்த மாதத்திலிருந்து மற்ற வெண்டர்களின் ஆர்டரிலும் பதினொன்றை இப்படியே மாற்றச் சொல்லி ஹெட் ஒத்துக்கொண்டார், அதற்கு உங்களுக்குத்தான் நாங்கள் நன்றி சொல்ல வேண்டும்.

“கோவில்பதாகைக்காரனுக்கும் சேத்துப் படிச்சிக் குடுத்திருக்கம்மா நீ” என்றார் மேக்ஸ்வெல்.

“போட்டுமாக்கா?” என்றான் உதயகுமார்.

“போடு.”

பிறகு சொர்ணம் போனை எடுத்தாள். மேக்ஸ்வெல் கேட்கவில்லை, அவளாகவே எடுத்தாள். வாரம் ஒருமுறை கேட்பவனுக்குத்தான் முதல் போன். எடுத்ததும் அவன் பழைய கேள்வியைத்தான் தொடங்கினான்.

“அக்கா, சார்கிட்ட கேட்டீங்களா, வேற எடத்துல...”

“எங்கயும் சேர வேணாம். திங்கக்கெழம மூணு மணிக்கு வந்துடு. டிபன் எடுத்துட்டு வா.”

 “எத்தன நாளைக்குக்கா?” என்றான்.

“ஒரு வருஷத்துக்குப் பேப்பர் இருக்கு. நல்லாப் படிச்சிப் பாத்துட்டேன்.”

முதல் லாட்டில் ஐந்து பீஸில் குறை தெரிந்தது. அரவிந்தன் மறுநாளே பைக்கில் வந்து, டார்ச்சடித்துப் பார்த்து, நாலுக்குக் கம்பெனி கணக்கு என்று கையெழுத்துப் போட்டார். ஐந்தாவதில் இருந்தது டூல் தேய்ந்ததால் வந்த கீறல். அது பட்டறைக் கணக்கு. உதயகுமார் தலையைக் குனிந்துகொண்டான். யாரும் சண்டை போடவில்லை.

ஆனால் அதெல்லாம் பிறகு. அந்தத் திங்கட்கிழமை மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் முன்பாகவே நாலு பேரும் வாசலில் நின்றார்கள். தலைக்குக் குளித்து, கை நிறையத் தூக்குச் சட்டியோடு, கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி. மேக்ஸ்வெல் ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்கினார்.  சொர்ணம் வருகைப் பதிவை நீட்டினாள். மூன்று மாதத்துப் பக்கங்களில் அவர்கள் பெயருக்கு எதிரே இருந்த காலிக் கட்டங்களைத் தாண்டி, புதுப் பக்கத்தில் ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். உள்ளே இரண்டாவது லேத்தின் விளக்கு எரிந்தது.